கடவுள் வரும் முன் ஒரு காலணாக் கணக்கு

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் பூலோகத்துக்கு வருகிறார். சென்னைத் தெருவில் நடக்கிறார், ஹோட்டலில் காப்பி குடிக்கிறார், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டில் தங்குகிறார். நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய சம்பவம்! இதை எழுத உட்காரும் புது எழுத்தாளர் எங்கே தொடங்குவார்? அநேகமாக இடி மின்னலோடு, இல்லாவிட்டால் ஒரு பேரொளியோடு. அடக்கமானவராக இருந்தால் ஒரு கோயில் பிராகாரத்தில் தொடங்கலாம்.

புதுமைப்பித்தன் தொடங்குவது பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் முனையில். ஊர்ப்பெயர், தலையெழுத்துகள், மரியாதை விகுதி எல்லாம் சேர்ந்த நீளமான பெயரோடு கந்தசாமிப் பிள்ளை வருகிறார். வண்டி இடிக்காத ஓரமாகப் பார்த்து நின்று யோசிக்கிறார். என்ன யோசனை? திருவல்லிக்கேணிக்கு டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரைக் கொஞ்ச தூரம் ஏய்த்துவிட்டுப் பிறகு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பிக்குக் காசு தேறும், ஆனால் வெற்றிலை கிடையாது. உலகத்துத் தத்துவச் சிக்கல் எல்லாம் அந்தக் காலணாவில் வந்து முட்டிக்கொண்ட மாதிரி அவர் நிற்கும்போது ஒருவர் வந்து வழி கேட்கிறார். அவர்தான் கடவுள்.

இந்தத் தொடக்கத்தில் கடவுளைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இருந்தும் கதை எப்படிப்பட்டது என்பதை வாசகர் முதல் பத்தியிலேயே தெரிந்துகொண்டுவிடுகிறார். பட்டயம் வாசிப்பதுபோல அத்தனை நீளப் பெயரைச் சொல்லிவிட்டு, அந்தப் பெயருக்குரியவர் வெற்றிலைக் காசுக்குத் தவிப்பதைக் காட்டும்போது, கேலி செய்யும் குரல் இது என்பது பிடிபடுகிறது. கதை நடக்கப்போவது டிராமும் பஸ்ஸும் ஓடும் பட்டணத்தில் என்பதும், இங்கே எதற்கும் காசுக்கணக்கு உண்டு என்பதும் தெரிந்துவிடுகிறது. ஆகவே கடவுள் வந்து வழி கேட்கும்போது வாசகர் திடுக்கிட்டுப் புத்தகத்தை மூடுவதில்லை. இந்தக் கணக்குப்பிள்ளையிடம் கடவுள் என்ன பாடு படப்போகிறாரோ என்று சிரித்துக்கொண்டே பின்தொடர்கிறார்.

ஒரு கதையின் முதல் வரியும் முதல் காட்சியும் வாசகருக்குத் தரும் வாக்கு இரண்டு வகை. இது எந்த இனத்துக் கதை என்பது ஒன்று: துப்பறியும் கதையா, பேய்க்கதையா, சரித்திரமா, குடும்பக் கதையா, அங்கதமா? எந்தத் தொனியில் சொல்லப்போகிறார்கள் என்பது இன்னொன்று: கேலியாகவா, ஒட்டாமல் விலகி நின்றா, உருகியா? எழுதப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் பார்க்கிறார்கள். துப்பறியும் கதையா, முதல் வரியில் ஒரு பிணம்; பேய்க்கதையா, ஒரு நாய் ஊளை. புதுமைப்பித்தனோ இனத்தைச் சொல்லவேயில்லை. அமானுஷ்யம் வரப்போகிறது என்ற குறிப்பே அந்தப் பத்தியில் இல்லை. தொனியை மட்டும் அவ்வளவு உறுதியாகப் போட்டுவிட்டதால், பின்னால் வருவது கடவுளே ஆனாலும் கதை தாங்குகிறது. இரண்டில் எதையாவது ஒன்றைத்தான் முதல் பத்தியில் கொடுக்க முடியும் என்றால் தொனியைக் கொடுப்பதே புத்திசாலித்தனம். கதையின் இனத்தை இரண்டாம் பக்கத்திலும் சொல்லிக்கொள்ளலாம். குரல் இரண்டாம் பக்கத்தில் மாறினால் வேறு யாரோ எழுதியது போலாகிவிடும்.

காஃப்கா 1915-இல் வெளியிட்ட ‘உருமாற்றம்’ இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. கிரகோர் சாம்சா பூச்சியாகிவிட்ட செய்தி முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. இனம் என்ன என்பதில் ஒளிவுமறைவே இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் அலறலும் இல்லை, ஆச்சரியக்குறியும் இல்லை. அலுவலகக் குறிப்பேட்டில் ஒரு விவரத்தைப் பதிவதுபோல அது சொல்லப்படுகிறது. அடுத்த சில பக்கங்களில் சாம்சாவின் கவலை, தான் பூச்சியானதைவிட ரயிலைத் தவறவிட்டதைப் பற்றித்தான் அதிகம். அந்த முதல் வாக்கியம் பதறியிருந்தால் ரயில் கவலை கோமாளித்தனமாகப் போயிருக்கும். பதறாததால் அது வயிற்றைப் பிசைகிறது.

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் இந்த வேலை எப்படி நடந்தது என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வாய்ப்புண்டு. நாவல் 1949-இல் வந்தது. எஞ்சியிருந்த கையெழுத்துப் பிரதியை 1984-இல் அச்சிட்டு வெளியிட்டார்கள். அச்சான நாவலின் தொடக்கம் ஏப்ரல் மாதத்து ஒரு குளிர் நாள். வெயில் அடிக்கிறது, கடிகாரங்கள் மணி அடிக்கின்றன, அடிப்பது பதின்மூன்று. மற்றதெல்லாம் அன்றாடம், அந்த ஓர் எண் மட்டும் இடறுகிறது. பழைய வரைவிலும் பதின்மூன்று இருந்தது. ஆனால் அதில் அடித்தவை கடிகாரங்கள் அல்ல, பத்து லட்சம் வானொலிகள். ‘பத்து லட்சம்’ என்றதுமே ஆசிரியர் குரலை உயர்த்திவிட்டார், இது விசித்திர உலகம் என்று விரலை நீட்டிக் காட்டிவிட்டார் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். கடிகாரம் என்று மாற்றியபின் அந்த உலகத்தில் யாருக்கும் எதுவும் விசித்திரமாகப் படவில்லை. அந்த நாவலுக்குத் தேவையான பயம் அதுதான்.

தமிழில் தொடக்கத்தைக் கூர்மையாகச் செதுக்கியவர்கள் பலர். ஆனால் ஒரே ஒரு கதையை வைத்து இந்தக் கலையைப் படிக்க வேண்டுமென்றால் சுஜாதாவின் ‘நகரம்’ போதும். கதை மிக எளியது. மூனாண்டிப்பட்டியிலிருந்து வள்ளியம்மாள் தன் மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வருகிறாள். பெண்ணுக்குக் கடும் காய்ச்சல், நினைவில்லை. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு மூளைக்காய்ச்சல் என்கிறார், உடனே அட்மிட் பண்ணச் சொல்கிறார். வள்ளியம்மாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக அலைகிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். எந்த ஜன்னலில் யாரைக் கேட்பது என்றே அவளுக்குப் புரிவதில்லை. கடைசியில் இடம் இல்லை, நாளைக் காலை ஏழரை மணிக்கு வா என்கிறார்கள். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுகிறாள், வைதீஸ்வரன் கோயிலுக்குக் காணிக்கை நேர்ந்துகொண்டு.

ஒரு தாய், சாகக் கிடக்கும் மகள், இரக்கமில்லாத ஆஸ்பத்திரி. இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு வாசகரைத் தேம்பித் தேம்பி அழவைப்பது சுலபம். தாயின் கண்ணீரில் தொடங்கியிருந்தால் அதுதான் நடந்திருக்கும். சுஜாதா தொடங்குவது கால்டுவெல்லிடமிருந்து. மதுரை பாண்டியர்களின் தலைநகரம், பழைய தேசப்படங்களிலும் கிரேக்கர்களின் எழுத்திலும் அதற்கு என்னென்ன பெயர் என்று ஓர் ஒப்பிலக்கண மேற்கோள் முதலில் நிற்கிறது. அதை முடித்த கையோடு மதுரைச் சுவர்களுக்கு வருகிறார். அடி உயர எழுத்துகளில் விளம்பரங்கள், கூட்ட அறிவிப்புகள். அப்புறம் குழாயடியில் வரிசையாகக் காத்திருக்கும் குடங்கள். ஒரு சாதாரண நாள்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்ததில் எத்தனை வேலை நடந்திருக்கிறது என்று பார்க்கலாம். புராதனப் பெருமையும் புகையிலை விளம்பரமும் தோளோடு தோள் நிற்பதால் கேலி பிறக்கிறது. ஆனால் அது சிரிக்கவைக்கும் கேலி இல்லை, உதட்டைக் கடித்துக்கொள்ள வைக்கும் கேலி. தொடக்கத்தில் வருவதெல்லாம் எழுத்து: பழைய தேசப்படத்தில் எழுத்து, இலக்கண நூலில் எழுத்து, சுவரில் அடி உயர எழுத்து. பிறகு எழுத்தே தெரியாத ஒரு பெண் அந்த நகரத்துக்குள் நுழைகிறாள், அவள் கையில் ஒரு சீட்டைத் திணிக்கிறார்கள். சுவரெல்லாம் பேசும் ஊரில் அவளுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வரிசையில் நிற்கும் குடங்களை முதல் பக்கத்தில் பார்த்துவிட்ட வாசகருக்கு, ஆஸ்பத்திரி வரிசைகள் வரும்போது எந்த விளக்கமும் வேண்டியிருப்பதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. தொடக்கம் வள்ளியம்மாளைப் பற்றிப் பேசாமல் ஊரைப் பற்றிப் பேசுவதால், இந்தக் கதையில் தனியாக ஒரு வில்லனைத் தேட வேண்டாம் என்று வாசகருக்கு முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. டாக்டர் கெட்டவர் இல்லை. பெண்ணை அட்மிட் பண்ணச் சொன்னவரே அவர்தான், மறுபடி வந்து எங்கே அந்தப் பெண் என்று கேட்பவரும் அவர்தான். குமாஸ்தாவும் தன் வேலையைத்தான் செய்கிறார். தலைப்பும் முதல் பத்தியும் சேர்ந்து குற்றவாளியைச் சுட்டிவிட்டன.

அசோகமித்திரன் இதைவிடக் குறைவான பொருளை வைத்துக்கொண்டு இதைச் செய்வார். ‘புலிக்கலைஞன்’ கதை ஒரு சினிமா ஸ்டூடியோ அலுவலகத்தின் டிபன் இடைவேளைக் கணக்கில் தொடங்குகிறது. படம் எதுவும் எடுக்காத ஸ்டூடியோ, வேலையில்லாமல் சம்பளம் வாங்கும் சிப்பந்திகள், மதியத் தூக்கம். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர் அவர். அந்தச் சோம்பலின் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குத் தெரியும். அந்த அறைக்குள் வேலை கேட்டு வரும் ஒரு மனிதர் திடீரெனப் புலியாக மாறி ஆடும்போது வாசகருக்கு மயிர்க்கூச்செறிகிறது. தொடக்கத்தில் புலி உறுமியிருந்தால் இந்தச் சிலிர்ப்பு வந்திருக்காது. முதல் பத்தி வாக்குக் கொடுப்பது என்றால் கதையை முன்கூட்டிச் சொல்லிவிடுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அசோகமித்திரன் கொடுத்தது ஓர் அளவுகோலை: இந்த உலகத்தில் மிகப்பெரிய நிகழ்ச்சி டிபன் மணி அடிப்பது. அந்த அளவுகோலால் அளந்து பார்த்தால்தான் புலியின் உயரம் தெரியும்.

தொடர்கதைக்குக் கணக்கு வேறு. கல்கி 1950-இல் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கியபோது அவருக்கு முன்னால் வருடக்கணக்கில் நீளப்போகும் பயணம் இருந்தது. வாசகர்களைக் கற்பனை ஓடத்தில் ஏறச் சொல்லி அழைக்கிறார். பிறகு ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவன். கடல் மாதிரிப் பரந்த ஏரி, கரை முழுக்கக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம், கட்டுச்சோறு, பாட்டு. சிறுகதையாக இருந்தால் இவ்வளவு தண்ணீர் தாங்காது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஓடப்போகும் கதைக்கு இந்த அகலம் வேண்டும், ஏனென்றால் இது பெரிய உலகம், அவசரமில்லை, உல்லாசமாகப் போவோம் என்று அந்த ஏரி சொல்கிறது.

ஆனால் திருவிழாவை மட்டும் காட்டி அத்தியாயத்தை முடித்திருந்தால் அது சுற்றுலாக் குறிப்பாக இருந்திருக்கும். அதே அத்தியாயத்திலேயே ஏரியில் பனைக்கொடி பறக்கும் பெரிய ஓடங்கள் வருகின்றன, பழுவேட்டரையரின் ஆட்கள் என்றதும் கூட்டத்தின் முகம் மாறுகிறது. அரண்மனைச் சதி, அதிகாரப் போட்டி எல்லாம் வரப்போகிற கதை இது என்பதற்கு அந்த ஒரு கொடி போதும். அழகான தண்ணீர்மேல் அச்சத்தைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான் அங்கே கைவண்ணம். வாரப் பத்திரிகையில் மணியம் வரைந்த படமும் பக்கத்தில் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பத்திரிகைக் கதையில் தலைப்பு, ஓவியம், எழுதியவரின் பெயர் எல்லாமே முதல் வரிக்கு முன்பே வாக்குக் கொடுத்துவிடுகின்றன. அந்த உதவி இல்லாத கதைக்குச் சுமை அதிகம்.

இவ்வளவும் கைதேர்ந்தவர்களின் கதை. சாதாரணமாகத் தொடக்கம் எங்கே சறுக்குகிறது என்பதைப் பார்க்க ஒரு கதையைக் கையில் எடுத்துச் செய்து பார்ப்பதே நல்லது. இது இந்தக் கட்டுரைக்காகக் கட்டிய கதை. ஒரு ஊரில் ஒரு பெரியவர் இறந்துபோகிறார். மனைவி முன்பே போய்விட்டார். மூன்று மகன்கள். பெரியவரின் இரும்புப் பீரோ பூட்டிக் கிடக்கிறது, சாவி கிடைக்கவில்லை. காரியம் முடிந்த அன்று பூட்டுக்காரரை வரவழைத்துத் திறக்கிறார்கள். நகை இருக்கும் என்று நம்பிய இடத்தில் அடகு ரசீதுகள் இருக்கின்றன. மூன்று மகன்களின் படிப்புக்காக அம்மாவின் நகைகளை ஒவ்வொன்றாக வைத்த ரசீதுகள். ஒன்றும் மீட்கப்படவில்லை. எழுதுகிறவர் நினைத்திருப்பது கேலியில் தொடங்கிக் கசப்பில் முடியும் குடும்பக் கதை.

முதல் முயற்சியில் இப்படி ஒரு வரி வந்து விழுகிறது: “இருண்ட அறையின் மூலையில் அந்த இரும்புப் பீரோ ஒரு ரகசியத்தைக் காத்தபடி நின்றது.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆபத்தே அதுதான். இருட்டு, மூலை, ரகசியம் மூன்றும் மர்மக்கதையின் சரக்குகள். வாசகர் பீரோவுக்குள் பிணத்தையோ புதையலையோ எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். எட்டாம் பக்கத்தில் அடகு ரசீது வெளிவரும்போது அவருக்குத் துக்கம் வராது, ஏமாற்றம்தான் வரும். ரசீது என்னவோ கனமான பொருள்தான். ஆனால் முதல் வரி அதைவிடப் பெரிய விலை சொல்லிவிட்டது. தவிர, பீரோ ரகசியத்தைக் காக்கிறது என்பது யாருடைய பார்வை? கதையில் யாரும் அப்படி நினைக்கவில்லை. மகன்களுக்கு உள்ளே நகை என்பதில் சந்தேகமே கிடையாது. அந்த வரி எழுத்தாளர் வெளியே நின்று போட்ட பின்னணி இசை.

இரண்டாம் முயற்சி: “அப்பா போய்ப் பதினாறு நாளாகியும் அவர் உட்கார்ந்திருந்த சாய்வு நாற்காலியை யாராலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.” மர்மம் போய்விட்டது, நல்லது. வந்திருப்பது இரங்கல். இந்தக் குரலைக் கேட்ட வாசகர் மென்மையாகப் படிக்க உட்காருவார். அடுத்த பக்கத்தில் பூட்டுக்காரரின் கூலியைப் பற்றி மகன்கள் இழுபறி செய்யும்போது, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சங்கடப்படுவார். அதைவிட முக்கியம், இந்த வரி பொய் சொல்கிறது. இந்த மகன்கள் நாற்காலியைப் பார்க்க முடியாமல் தவிப்பவர்கள் இல்லை. அதை யார் எடுத்துக்கொள்வது என்று ஏற்கெனவே மனத்துக்குள் முடிவு செய்தவர்கள்.

மூன்றாவது: “பதினாறாம் நாள் சமையல்காரருக்குக் கணக்குத் தீர்த்த கையோடு மூன்று மகன்களும் பீரோ திறக்கும் ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள். வந்தவர் பூட்டைப் பார்க்கவில்லை. கூலி யார் தருவது என்று கேட்டார்.”

இப்போது சமாச்சாரம் வேறு. காரியத்துக்கும் பீரோவுக்கும் நடுவே இடைவெளியே விடாத அவசரத்தை ‘கையோடு’ காட்டிவிடுகிறது. கதை வெளியிலிருந்து, கொஞ்சம் குறும்போடு, யாருக்கும் பரிந்து பேசாமல் சொல்லப்படப் போகிறது என்பது தெரிகிறது. காட்சியாகக் கண்முன் நிற்பது பூட்டிய பீரோ முன்னால் மூன்று மகன்களும் கூலிக்காரரும். யார் பணம் தருவது என்ற பூட்டுக்காரரின் கேள்வி, தெரியாமலே முழுக்கதையின் கேள்வியாகிவிட்டது. கடைசியில் வெளிவரும் ரசீதுகள் அதே கேள்விக்கு முப்பது வருடத்துக்கு முந்தைய பதில்: அம்மா தந்தாள். முதல் பத்தியில் அதை யாரும் கவனிக்க வேண்டியதில்லை. கடைசிப் பத்தியில் தானாக நினைவுக்கு வந்தால் போதும்.

இந்த வடிவத்திலும் குறை சொல்லலாம். மூன்று மகன்களும் ஒரே கும்பலாக நிற்கிறார்கள், யாரைப் பின்தொடர்வது என்று தெரியவில்லை. அதைத் தீர்க்க வேறொரு வழி, கதையைச் சின்ன மருமகள் வாயில் வைப்பது: “மாமனாரை எடுத்துக்கொண்டு போன அன்றே எங்கள் மூத்தார் பீரோவை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன்.” உடனே வாசகரின் காது கூர்மையாகிவிடும். இது வம்பு பேசும் குரல், ருசியான குரல். கூடவே இன்னொரு வாக்கும் கொடுபட்டுவிட்டது: இப்படிப் பார்த்துச் சொல்கிறவளும் அந்தப் பீரோமேல் கண் வைத்திருப்பவள்தான். இந்த வரியில் தொடங்கினால் கதையின் முடிவு மகன்களை மட்டும் குத்திவிட்டு நின்றுவிட முடியாது, அவளையும் தொட்டாக வேண்டும். அவள் கழுத்தில் போட்ட நகைக்கும் ஒரு ரசீது அந்தக் கட்டில் இருக்க வேண்டியிருக்கும். முதல் வரியை மாற்றினால் கடைசிப் பக்கத்தையும் மாற்ற நேரும் என்பது இதனால்தான்.

முதல் வரியைக் கதை எழுதுவதற்கு முன்பே உட்கார்ந்து மெருகேற்றுவது வீண்வேலை என்று தோன்றுவதும் இங்கேதான். முடிவு தெரியாமல் எந்த வாக்கைக் கொடுப்பது? எழுத ஆரம்பிக்க ஏதாவது ஒரு வரி வேண்டும், அதற்கு எதையாவது எழுதிக்கொள்ளலாம். நிலைக்கப்போகும் முதல் வரியைக் கதை முடிந்தபின் தேடுவதே வசதி. கதையை எழுதி முடித்தபின் தொடக்கத்தையும் முடிவையும் அடித்துவிட வேண்டும் என்று செகாவ் சொல்வார் என இவான் புனின் தன் நினைவுக்குறிப்பில் பதிந்திருக்கிறார். முடிவு இருக்கட்டும், தொடக்கத்தைப் பொறுத்தவரை இது அநேகமாகப் பலிக்கும். முதல் இரண்டு பத்திகளில் எழுதுகிறவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருப்பார்: விடியல், பறவைச் சத்தம், அலாரம், ஜன்னல் வழியே மழை. மூன்றாவது பத்தியில்தான் யாரோ எதையோ விரும்பத் தொடங்குவார்கள்.

மழையில் தொடங்கக் கூடாது என்று விதி ஒன்றும் கிடையாது. எட்வர்ட் புல்வர் லிட்டன் 1830-இல் ‘பால் கிளிஃபோர்ட்’ என்ற நாவலை இருட்டும் புயலுமான ஓர் இரவில் தொடங்கியதை இன்றுவரை உலகம் கிண்டலடிக்கிறது. மோசமான முதல் வரிக்கென்றே ஒரு போட்டியை 1982-இல் அமெரிக்காவின் சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் ஆரம்பித்தார்கள். ஆனால் ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்னிப் பிரவேசம்’ தொடங்குவதும் ஒரு மழைக்கால மாலையில்தான். பெண்கள் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் மாணவிகளின் வண்ண வரிசை. பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து அள்ளிக்கொண்டு போக, கூட்டம் கரைந்து கரைந்து, மழையில் ஒரே ஒரு பெண் மிச்சமாகிறாள். கார் ஒன்று வந்து நிற்கிறது.

புல்வர் லிட்டனின் மழை மேடைத் திரை. ஜெயகாந்தனின் மழை வேலை செய்கிறது. அது கூட்டத்தைக் கலைக்கிறது, பெண்ணைத் தனியாக்குகிறது, காரில் ஏற ஒரு காரணமும் கொடுக்கிறது. கதையின் முடிவில், நடந்ததை அறிந்த தாய் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, அவள் சுத்தமாகிவிட்டாள் என்கிறாள். நெருப்பைத் தலைப்பில் வைத்த கதை மழையில் தொடங்கித் தண்ணீரில் முடிகிறது. ஜெயகாந்தன் இதைத் திட்டமிட்டாரா என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த மாலையை வெயிலாக மாற்றிப் பார்த்தால் கதை எந்த இடத்தில் உடைகிறது என்று தெரிந்துவிடும். தொடக்கக் காட்சியைச் சோதிக்க இதுவே நல்ல உரைகல். காட்சியில் உள்ள பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தாலும் கதை அப்படியே நடந்தால், அது அலங்காரத்துக்கு வைத்தது.

இன்னொரு சோதனையை யாரும் செய்யலாம். தலைப்பையும் பெயரையும் மறைத்து, முதல் பத்தியை மட்டும் இரண்டு மூன்று பேரிடம் படிக்கக் கொடுப்பது. நன்றாயிருக்கிறதா என்று கேட்கக் கூடாது. கேட்டால் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இது என்ன மாதிரிக் கதை, அடுத்து என்ன நடக்கும், முடிவு சிரிப்பா அழுகையா என்று கேட்க வேண்டும். சம்பவத்தை அவர்கள் தப்பாக ஊகித்தால் கவலையில்லை, சந்தோஷப்படலாம். பீரோக் கதையில் உள்ளே நகை இருக்கும் என்று ஊகித்தால் அதுதான் வேண்டும். ஆனால் ஒருவர் கொலை நடக்கும் என்றும் இன்னொருவர் அப்பா ஆவியாக வருவார் என்றும் சொன்னால், பத்தியில் தேவையில்லாத சரக்கு ஏதோ இருக்கிறது. ‘இருண்ட’, ‘ரகசியம்’, ‘திடீரென்று’ மாதிரியான சொற்களைத் தேடினால் அநேகமாக அங்கே அகப்பட்டுவிடும்.

வாக்கை மீறும் கதைகளும் உண்டு, அவற்றில் சில பிரமாதமானவை. குடும்பக் கதைபோலத் தொடங்கிப் பேய்க்கதையாக முடிவது, காதல் கதைபோலத் தொடங்கிக் கொலையில் முடிவது. அப்படிப்பட்ட கதையை இரண்டாம் முறை படித்தால், மாறப்போவதற்கான தடயம் முதல் பத்தியிலேயே கிடப்பது தெரியும்: இடம் மாறியிருக்கும் ஒரு பொருள், பதில் வராத ஒரு கேள்வி, அளவுக்கு மீறிய ஒரு நிதானம். தடயமே இல்லாமல் கடைசிப் பக்கத்தில் திருப்பம் வைத்தால் வாசகருக்கு ஆச்சரியம் வராது, எரிச்சல்தான் வரும்.

கைவசம் எழுதி முடித்த கதை ஒன்று இருந்தால், பத்திரிகைக்கு அனுப்பும் முன் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். அதைப் படித்த சூட்டோடு முதல் பத்தியைப் படியுங்கள். இரண்டும் ஒரே ஆள் பேசுவது போலக் கேட்டால் உறையில் போடலாம். கேட்கவில்லை என்றால், மூன்றாவது பத்தியை முதல் பத்தியாக்கி ஒருமுறை படித்துப் பாருங்கள்.